ஏழு ஊர், மூன்று லாரி

மதுரையில் மூட்டை ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போகிற லாரி, லோடை இறக்கிவிட்டு 75 கிலோமீட்டர் காலியாகத் திரும்பி வருகிறது. அதே நாளில் அதே குடோனிலிருந்து ராஜபாளையத்துக்குப் போன இன்னொரு லாரி 85 கிலோமீட்டர் காலியாகத் திரும்புகிறது. போகவர இரண்டும் சேர்ந்து 320 கிலோமீட்டர். ஆனால் சிவகாசிக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே 35 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்ச் சரக்கையும் ஒரே வண்டியில் ஏற்றி, சிவகாசியில் ஒரு பங்கை இறக்கி, அப்படியே ராஜபாளையம் போய் மீதியை இறக்கித் திரும்பினால் ஓட்டம் 75, 35, 85 ஆக மொத்தம் 195 கிலோமீட்டர். மிச்சம் 125.

இந்த ஒரு கழித்தலை வைத்துக்கொண்டே ஒரு மாவட்டம் முழுவதற்கும் லாரி ரூட் போட்டுவிடலாம் என்று 1964-இல் இரண்டு பேர் எழுதினார்கள். கிளார்க், ரைட் என்பது அவர்கள் பெயர். கிளார்க் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தில் வேலை பார்த்தவர். கூட்டுறவுக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிற நிறுவனம் அது. ரைட் அதே ஊரின் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1959-இல், அமெரிக்காவில் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர் இதே கேள்வியை முதன்முதலாகக் கணக்காக எழுதியிருந்தார்கள். அது பெட்ரோல் டேங்கர் கணக்கு. ஒரு சேமிப்புக் கிடங்கு, சுற்றிலும் பல பங்குகள், ஒவ்வொரு பங்குக்கும் இத்தனை காலன் என்று தேவை, டேங்கருக்கு ஒரு கொள்ளளவு. எந்த டேங்கர் எந்தப் பங்குகளுக்குப் போனால் மொத்த ஓட்டம் குறையும்? டான்ட்சிக்கும் ராம்சரும் சொன்ன வழி, வண்டியை நிரப்புவதில் கூடுதல் கவனம் வைத்தது. தூரம் இரண்டாவது இடத்துக்குப் போய்விடுகிறது என்பதுதான் கிளார்க்கும் ரைட்டும் அதில் கண்ட குறை. அதனால் அவர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள்: இந்த இரண்டு ஊரைச் சேர்த்தால் எத்தனை கிலோமீட்டர் மிச்சம்?

இதை ஒரு முறை கையால் செய்து பார்த்தால்தான் அதன் பலமும் அது சறுக்குகிற இடமும் தெரியும். மதுரையில் மாட்டுத்தீவனம் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை ஒன்று 50 கிலோ. லாரி 10 டன் ஏற்றும், அதாவது 200 மூட்டை. நாளைக்கு ஏழு ஊர்க் கடைக்காரர்கள் கேட்டிருக்கும் சரக்கு: தேனிக்கு 80 மூட்டை, ராஜபாளையத்துக்கு 100, சிவகாசிக்கு 70, விருதுநகருக்கு 130, பரமக்குடிக்கு 70, சிவகங்கைக்கு 50, காரைக்குடிக்கு 80. எந்த ஊர்ச் சரக்கையும் இரண்டு வண்டியில் பிரித்து அனுப்புவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் விதி. கடைக்காரருக்கும் அதுதான் வசதி. இறக்குகிற ஆட்களுக்கு ஒரே கூலியோடு வேலை முடிந்துவிடும்.

முதலில் வேண்டியது தூரப் பட்டியல். கீழே உள்ளவை சாலைத் தூரங்கள், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு முழுமையாக்கியவை.

| | மதுரை | தேனி | ராஜபாளையம் | சிவகாசி | விருதுநகர் | பரமக்குடி | சிவகங்கை |
|---|---|---|---|---|---|---|---|
| தேனி | 75 | | | | | | |
| ராஜபாளையம் | 85 | 115 | | | | | |
| சிவகாசி | 75 | 110 | 35 | | | | |
| விருதுநகர் | 50 | 95 | 60 | 25 | | | |
| பரமக்குடி | 80 | 155 | 140 | 105 | 80 | | |
| சிவகங்கை | 45 | 120 | 130 | 105 | 80 | 45 | |
| காரைக்குடி | 85 | 160 | 170 | 150 | 125 | 80 | 45 |

இந்தப் பட்டியலில் ஓர் எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேனியிலிருந்து ராஜபாளையம் 115. வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்தால் 60 கிலோமீட்டர் அளவில்தான் வரும். ஆனால் நடுவே வருசநாட்டு மலைத்தொடர் நிற்கிறது. லாரி கிழக்கே உசிலம்பட்டி வரை வந்து, பேரையூர் பக்கம் இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போய்ச் சேர முடியும். ரூட் கணக்கு தப்பாகப் போகிற இடங்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி எண்களில்தான் தொடங்குகின்றன. கணக்கு போடுகிறவர் 60 என்று எழுதிவிட்டால், அடுத்த கட்டத்தில் அந்த ஜோடி பெரிய லாபம் போலத் தெரியும். லாரி ஓட்டிய ஒருவரிடம் பட்டியலைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளாமல் மேலே போகவே கூடாது என்பேன்.

தொடக்க நிலை எளிது. ஏழு ஊருக்கும் ஏழு லாரி, ஒவ்வொன்றும் போய்த் திரும்புகிறது. மதுரையிலிருந்து ஏழு தூரங்களையும் கூட்டினால் 495. போகவர 990 கிலோமீட்டர். இனி இதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

எல்லா விதமாகவும் பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். ஏழு ஊர்களைக் குழுக்களாகப் பிரிக்க 877 வழிகள் உண்டு. பொறுமை இருந்தால் முடியும். ஊர் 15 ஆனால் வழிகள் 138 கோடியைத் தாண்டிவிடும். ஆனால் 15 ஊரை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் 105 ஜோடிதான். நம் ஏழு ஊருக்கு 21. கிளார்க்கும் ரைட்டும் பார்க்கச் சொன்னது இந்த ஜோடிகளை மட்டுமே.

ஒவ்வொரு ஜோடிக்கும் மிச்சம் கணக்கிட வேண்டும். மதுரையிலிருந்து முதல் ஊர்த் தூரத்தையும் மதுரையிலிருந்து இரண்டாம் ஊர்த் தூரத்தையும் கூட்டி, அந்த இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கழித்தால் வருவது மிச்சம். காரணம் இதுதான்: இரண்டு ஊரையும் சேர்த்தால், முதல் ஊரிலிருந்து குடோனுக்குத் திரும்பும் ஓட்டம் ஒன்றும், குடோனிலிருந்து இரண்டாம் ஊருக்குப் போகும் ஓட்டம் ஒன்றும் இல்லாமல் போகின்றன. பதிலுக்கு இடைத்தூரம் ஒன்று புதிதாகச் சேர்கிறது.

விருதுநகரையும் சிவகாசியையும் எடுத்துக்கொண்டால் இதன் பொருள் கண்ணுக்குத் தெரியும். 50 கூட்டல் 75 கழித்தல் 25, ஆக 100. சிவகாசி போகிற லாரி விருதுநகரைத் தாண்டித்தான் போகிறது. ஆக, மதுரை முதல் விருதுநகர் வரையிலான 50 கிலோமீட்டரை இரண்டு லாரிகள் போகவர ஓட்டிக்கொண்டிருந்தன. ஒன்று நின்றால் அந்த 50-இன் இருமடங்கு மிச்சம். எந்த ஜோடிக்கும், இரண்டு ஊருக்கும் பொதுவான பாதை எவ்வளவு நீளமோ அதையொட்டித்தான் மிச்சம் வளர்கிறது. தேனியையும் சிவகங்கையையும் சேர்த்தால் 75 கூட்டல் 45 கழித்தல் 120, பூஜ்யம். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக மதுரை வழியாகவே வர வேண்டும்.

21 ஜோடிகளுக்கும் போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் மேலே நிற்பவை இவை:

| ஜோடி | மிச்சம் (கி.மீ.) |
|---|---|
| சிவகாசி – ராஜபாளையம் | 125 |
| விருதுநகர் – சிவகாசி | 100 |
| சிவகங்கை – காரைக்குடி | 85 |
| காரைக்குடி – பரமக்குடி | 85 |
| சிவகங்கை – பரமக்குடி | 80 |
| விருதுநகர் – ராஜபாளையம் | 75 |
| விருதுநகர் – பரமக்குடி | 50 |
| சிவகாசி – பரமக்குடி | 50 |
| தேனி – ராஜபாளையம் | 45 |
| தேனி – சிவகாசி | 40 |
| தேனி – விருதுநகர் | 30 |

மீதிப் பத்து ஜோடிகளின் மிச்சம் 25-இல் தொடங்கிப் பூஜ்யம் வரை இறங்குகிறது.

இனி மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வர வேண்டும். ஜோடியைச் சேர்க்கலாமா என்று கேட்கும்போது மூன்று விஷயம் பார்த்தால் போதும். இரண்டு ஊரும் வெவ்வேறு லாரியில் இருக்க வேண்டும். இரண்டுமே அந்தந்த லாரியின் ஓட்டத்தில் மதுரையை அடுத்து நிற்கிற ஊராக, அதாவது முதல் ஊராகவோ கடைசி ஊராகவோ இருக்க வேண்டும். இரண்டு லாரிச் சரக்கும் கூட்டி 200 மூட்டையைத் தாண்டக் கூடாது. மூன்றும் சரி என்றால் சேர்த்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஒரு முறை சேர்த்ததைப் பிறகு பிரிப்பதில்லை.

முதல் வரி சிவகாசி – ராஜபாளையம். 70-உம் 100-உம் 170 மூட்டை. சேர்க்கலாம். 990 கிலோமீட்டர் 865 ஆகிறது. இரண்டாம் வரி விருதுநகர் – சிவகாசி. சிவகாசி இருக்கிற லாரியில் ஏற்கெனவே 170 மூட்டை. விருதுநகரின் 130 சேர்ந்தால் 300. முடியாது. நூறு கிலோமீட்டர் மிச்சம் கண்ணெதிரே இருந்தும் விட்டுவிட வேண்டியதுதான். மூன்றாம் வரி சிவகங்கை – காரைக்குடி, 130 மூட்டை, சேர்க்கலாம். நான்காம் வரி காரைக்குடி – பரமக்குடி. காரைக்குடி இப்போது சிவகங்கையோடு ஒரே லாரியில் இருக்கிறது. ஆனாலும் அது ஓட்டத்தின் கடைசி ஊர், அதற்கு அடுத்தது மதுரைதான். ஆகவே அதன் பின்னால் பரமக்குடியை இணைக்கலாம். சரக்கு 200, சரியாக நிரம்புகிறது. இப்போது இந்த லாரி மதுரையிலிருந்து சிவகங்கை, காரைக்குடி, பரமக்குடி என்று சுற்றி 250 கிலோமீட்டர் ஓடுகிறது. காரைக்குடி நடுவில் போய்விட்டது. இனி அதன் பக்கத்தில் வேறு எந்த ஊரையும் ஒட்ட முடியாது. ஒட்டினால் அதன் இருபுறத்தில் ஒரு புறத்தை அறுக்க வேண்டிவரும். அப்படி அறுத்தால் முன்பு சேர்த்துவைத்த மிச்சம் கைவிட்டுப் போகும்.

ஐந்தாம் வரி சிவகங்கை – பரமக்குடி. இரண்டும் ஒரே லாரியின் இரண்டு முனைகள். இவற்றைச் சேர்த்தால் மதுரையைத் தொடாத வளையம் ஒன்று உருவாகும். குடோனைத் தொடாத ரூட்டில் சரக்கு எங்கே ஏறும்? அதனால்தான் முதல் நிபந்தனை. ஆறாம் வரி விருதுநகர் – ராஜபாளையம், மறுபடி 300 மூட்டை. அதற்கடுத்த இரண்டு வரியிலும் பரமக்குடி வருகிறது, அந்த லாரி நிரம்பியாயிற்று. தேனியை ராஜபாளையத்தோடோ சிவகாசியோடோ சேர்க்கலாம் என்றால் 170-உம் 80-உம் 250. கடைசியாகத் தேனி – விருதுநகர். 80-உம் 130-உம் 210. பத்து மூட்டை அதிகம். முடியாது.

பட்டியல் தீர்ந்தது. கைக்கு வந்த திட்டம்: சிவகாசி, ராஜபாளையம் ஒரு லாரி, 195 கிலோமீட்டர். சிவகங்கை, காரைக்குடி, பரமக்குடி ஒரு லாரி, 250. விருதுநகர் தனி லாரி, 100. தேனி தனி லாரி, 150. மொத்தம் 695 கிலோமீட்டர், நான்கு லாரி. 990-இலிருந்து 295 கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. ஒரு பென்சிலும் அரை மணி நேரமும் போதும்.

இங்கே நின்று இன்னொரு சிறிய கணக்கைப் போட வேண்டும். பலர் போடாமல் விடுகிற கணக்கு இது. மொத்தச் சரக்கு 580 மூட்டை. லாரிக்கு 200. வகுத்தால் 2.9, ஆகக் குறைந்தது மூன்று லாரி கட்டாயம் வேண்டும். நம் திட்டம் நான்கு கேட்கிறது. நான்கு லாரியில் 220 மூட்டைக்கு இடம் காலியாக ஓடுகிறது, அதாவது ஒரு லாரிக்கும் மேல். தேவைப்படுகிற லாரி எண்ணிக்கை இந்த அடிமட்டத்தைவிட அதிகமாக வந்தாலே வழிமுறை எங்கோ மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். சில சமயம் சரக்குகளின் அளவே அப்படி அமைந்து மூன்றில் அடங்காமல் போகலாம். அதனால் இது முடிவான தீர்ப்பு இல்லை, நல்ல எச்சரிக்கை.

நம் கணக்கில் அந்த எச்சரிக்கை உண்மை. முதல் வரியைத் தடை செய்துவிட்டு, அதாவது சிவகாசியையும் ராஜபாளையத்தையும் சேர்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டு, பட்டியலை மறுபடி மேலிருந்து ஓட்டிப் பாருங்கள். இப்போது முதலில் வருவது விருதுநகர் – சிவகாசி. 130-உம் 70-உம் சரியாக 200. கிழக்கு லாரி முன்போலவே அமைகிறது. கீழே வந்து தேனி – ராஜபாளையம், 180 மூட்டை, சேர்ந்துவிடுகிறது. திட்டம் இப்போது 150, 275, 250 ஆக 675 கிலோமீட்டர். மூன்றே லாரி. 20 கிலோமீட்டர் குறைவு, அதோடு ஒரு லாரியின் வாடகை, ஒரு டிரைவரின் படி, ஒரு கிளீனரின் சம்பளம் எல்லாம் மிச்சம்.

முதல் முறை ஏன் இது கிடைக்கவில்லை? ஒவ்வொரு அடியிலும் அந்த நேரத்துக்கு மிகப் பெரிய மிச்சத்தை எடுத்துக்கொள்வது இந்த முறையின் இயல்பு. தான் எடுப்பது அதற்குத் தெரியும், எதை அனாதையாக விட்டுப்போகிறோம் என்பது தெரியாது. இதில் இன்னொரு சாய்வும் இருக்கிறது. ஓர் ஊர் எந்த ஊரோடு சேர்ந்தாலும், அதனால் வரும் மிச்சம் குடோனிலிருந்து அந்த ஊருக்குள்ள தூரத்தின் இருமடங்கைத் தாண்டவே தாண்டாது. விருதுநகர் மதுரைக்கு 50 கிலோமீட்டரில் இருப்பதால் அதன் உச்சவரம்பு 100. ராஜபாளையத்துக்கு 170. ஆகவே தூரத்து ஊர்கள் பட்டியலின் மேலே ஏறி முதலில் தங்களுக்குள் சேர்ந்துகொள்கின்றன. குடோனுக்குப் பக்கத்து ஊர்கள் கடைசியில் வருகின்றன. பக்கத்து ஊருக்குப் பெரிய லோடு இருந்துவிட்டால், அதன் முறை வரும்போது எந்த லாரியிலும் இடம் இருக்காது. விருதுநகரின் 130 மூட்டைக்கு நேர்ந்தது அதுதான். உங்கள் கணக்கில் குடோனுக்கு அருகே கனமான லோடு ஒன்று தனியாக நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான்.

லாரிச் செலவையும் மிச்சத்தில் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமே என்று ஒருவர் நினைக்கலாம். ஒரு லாரி குறைந்தால் நூறு கிலோமீட்டர் மிச்சத்துக்குச் சமம் என்று வைத்து எல்லா ஜோடிக்கும் நூறு சேர்ப்போம். 125 இனி 225, 100 இனி 200. வரிசை அப்படியேதான் இருக்கிறது! எந்த இரண்டு லாரியைச் சேர்த்தாலும் ஒரு லாரிதான் குறைகிறது, ஆகவே எல்லா வரிக்கும் ஒரே எண்தான் கூடும். மிச்சமே இல்லாத ஜோடிகளைக்கூடச் சேர்க்கத் தூண்டும் என்பதைத் தவிர இதனால் பயன் இல்லை. 1967-இல் காஸ்கெலும் 1970-இல் யெல்லோவும் வேறொரு திருத்தம் சொன்னார்கள். இடைத்தூரத்தைக் கழிக்கும்போது அதை ஓர் எண்ணால் பெருக்கிக் கழிக்கலாம் என்பது அது. அந்த எண்ணைக் கூட்டக் கூட்ட, அருகருகே இருக்கும் ஊர்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். பல வட்டாரங்களில் இது நன்றாகவே உதவுகிறது. வழக்கமாக ஒன்றை ஒட்டி முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்பார்கள். நம் பட்டியலிலோ விருதுநகர் – சிவகாசி முதலிடத்துக்கு வர அந்த எண் மூன்றரையைத் தாண்ட வேண்டும். ஆகவே இங்கே பலிக்காது.

முடிந்த திட்டத்தை எடுத்து ஓர் ஊரை மட்டும் இடம் மாற்றிப் பார்ப்பது இன்னொரு வழக்கம். அதுவும் இங்கே ஏமாற்றுகிறது. சிவகாசியை எடுத்து விருதுநகர் லாரியில் போட்டால், அந்த இரண்டு லாரிகளின் ஓட்டம் 295-இலிருந்து 320 ஆகிறது. கூடுகிறதே என்று உடனே கைவிட்டுவிடுவோம். ஆனால் அடுத்த அடியாகத் தனியே நிற்கும் ராஜபாளையத்தைத் தேனியோடு சேர்த்தால் 45 குறைகிறது. முதலில் 25 கிலோமீட்டர் நட்டத்தைத் தாங்கினால்தான் அந்த 45 கைக்கு வரும். ஒவ்வொரு அடியிலும் லாபம் கேட்கிற எந்த முறையும் இந்த இடத்தைத் தாண்டாது. மேல் வரிகளில் ஒன்றிரண்டைத் தடுத்துவிட்டுப் பட்டியலை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது அதனால்தான் இவ்வளவு பயன்தருகிறது. கையால் ஒரு முறை ஓட்ட ஐந்து நிமிடம்தான்.

சாலைகளை மனதில் வைத்திருக்கும் ஓர் அனுபவசாலி இந்த மூன்று லாரித் திட்டத்தைப் பட்டியலே இல்லாமல் சொல்லியிருக்கக்கூடும். மதுரையை நடுவில் வைத்து, கடிகார முள் சுற்றுவதுபோல் காரைக்குடியிலிருந்து வலமாக வந்தால் சிவகங்கை, பரமக்குடி, விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், தேனி என்று ஊர்கள் வருகின்றன. லாரி நிரம்பும்வரை ஏற்று, நிரம்பினால் அடுத்த லாரி. முதல் மூன்று ஊர் 200, அடுத்த இரண்டு 200, கடைசி இரண்டு 180. அதே 675. இந்தச் சுழற்று முறையை 1974-இல் கில்லெட், மில்லர் என்ற இருவர் முறையாக எழுதிவைத்தார்கள். ஆனால் முள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பரமக்குடியில் தொடங்கினால் பரமக்குடியும் விருதுநகரும் ஒரு லாரி, சிவகாசியும் ராஜபாளையமும் ஒரு லாரி, பிறகு மேற்கே இருக்கும் தேனியும் கிழக்கே இருக்கும் காரைக்குடியும் ஒரே லாரி, சிவகங்கை தனி. நான்கு லாரி, 815 கிலோமீட்டர். மிச்ச முறை அவ்வளவு மோசமாக ஒருபோதும் தேனியையும் காரைக்குடியையும் கட்டிவைக்காது. அந்த ஜோடியின் மிச்சம் பூஜ்யம் என்று அதற்குத் தெரியும். திசையை மட்டும் பார்க்கும் முறைக்குத் தெரியாது, நடுவில் மலை இருப்பதும் தெரியாது.

அதனால்தான் 1964-இன் முறை இன்றும் கணினிகளுக்குள் இருக்கிறது. ஆய்வாளர்கள் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் பழைய மாதிரிக் கணக்குகளில், இந்த முறை தரும் ஓட்டம் தெரிந்தவற்றுள் சிறந்த விடையைவிடச் சராசரியாக 7 சதவீதம் அளவில் கூடுதலாக வருகிறது. நம் கணக்கில் 3 சதவீதம். கூகுளின் OR-Tools என்ற இலவச மென்பொருளில் முதல் திட்டத்தை எப்படித் தொடங்கலாம் என்று கேட்கும் இடத்தில் `SAVINGS` என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அங்கிருந்து தொடங்கி, ஊர்களை மாற்றி மாற்றி மேம்படுத்துவது மென்பொருளின் வேலை.

வியாபாரிக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. கணக்குப் புத்தகங்களில் சரக்கின் அளவு மாறாத எண். நிஜத்தில் அது தொலைபேசியில் பேசி மாற்றக்கூடிய எண். தேனி – விருதுநகர் ஜோடி உடைந்தது 210 மூட்டை என்பதால், அதாவது பத்து மூட்டையால். அந்தப் பத்தை மேலே ஏற்றி ஓட்டுவது குற்றம். பிரேக்குக்கும் டயருக்கும் ஆபத்து. ஆனால் தேனிக் கடைக்காரரிடம், "அண்ணே, நாளைக்கு 70 போட்டுவிடுறேன், மீதிப் பத்தை அடுத்த டிரிப்பில் அனுப்பட்டுமா?" என்று கேட்கலாம். அவர் சரி என்றால், முதல் முறை கிடைத்த திட்டத்திலேயே தேனியும் விருதுநகரும் சேர்ந்துவிடும். ஓட்டம் 665 கிலோமீட்டர், மூன்று லாரி. இரண்டாவது திட்டத்தைவிடவும் 10 கிலோமீட்டர் குறைவு. எந்தெந்த வரிகள் எத்தனை மூட்டை வித்தியாசத்தில் உடைந்தன என்பதை ஓரத்தில் குறித்துவைப்பது இதற்காகத்தான். 100 மூட்டையால் உடைந்தது உடைந்ததுதான். பத்து மூட்டையால் உடைந்ததைப் பேசிப் பார்க்கலாம்.

கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, 675 திட்டம்தான் என்று முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. தூரப் பட்டியல் அதைச் சொல்லாது. விருதுநகர் – சிவகாசி லாரி எந்தத் திசையில் சுற்ற வேண்டும்? எப்படிச் சுற்றினாலும் 150 கிலோமீட்டர்தான். ஆனால் விருதுநகருக்கு முதலில் போனால், 200 மூட்டையைச் சுமப்பது 50 கிலோமீட்டர், பிறகு 70 மூட்டையோடு 25 கிலோமீட்டர், அதன்பின் காலி. சிவகாசிக்கு முதலில் போனால் 200 மூட்டையை 75 கிலோமீட்டர் சுமந்து, 130 மூட்டையோடு 25 கிலோமீட்டர் திரும்பிவர வேண்டும். மூட்டையையும் கிலோமீட்டரையும் பெருக்கிக் கூட்டினால் முதல் வழி 11,750, இரண்டாவது 18,250. ஒரே தூரத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் சுமை, அதற்கேற்ற டீசல். கிழக்கு லாரியிலும் இப்படித்தான். சிவகங்கையில் தொடங்கிப் பரமக்குடியில் முடித்தால் 21,350. பரமக்குடியில் தொடங்கிச் சிவகங்கையில் முடித்தால் 28,650. தேனி, ராஜபாளையம் லாரிக்கு மட்டும் ராஜபாளையம் முதலில் என்றால் 24,500, தேனி முதலில் என்றால் 25,000. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே எந்தக் கடை காலையில் முதலில் திறக்கிறதோ, எந்த ஊரில் இறக்குகிற ஆட்கள் அந்த நேரத்தில் கிடைக்கிறார்களோ, அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். திசை முடிவான பிறகுதான் குடோனில் லோடு ஏற்றத் தொடங்க வேண்டும். கடைசியாக இறக்கும் ஊரின் மூட்டைகள் முதலில் ஏறிக் கேபின் பக்கம் போக வேண்டும், முதலில் இறங்குவது பின்கதவை ஒட்டி இருக்க வேண்டும். மாற்றி ஏற்றிவிட்டால் விருதுநகர்ச் சாலையோரத்தில் 70 மூட்டையை இறக்கிவைத்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.